கிதாரின் 12-வது ஃப்ரெட்டும் தந்தியின் நீளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் கிதார் பயில்வோரும், ஆலயப் பாடகர் குழுக்களில் வாசிப்போரும், வீணையிலிருந்து கிதாருக்கு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எண் தேவைப்படும் இடங்களில் எல்லாம் ஒரே கருவியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: தலைப்பக்கம் தந்தி படியும் நட்டிலிருந்து மறுமுனையில் அது அமரும் சேடில் வரை 650 மில்லிமீட்டர் நீளமும் எஃகுத் தந்திகளும் கொண்ட கிதார், அதில் 110 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்த ஐந்தாம் தந்தி, அதாவது ஏ தந்தி.

தந்தியின் நீளம் பாதியானால் சுருதி ஏன் சரியாக ஒரு ஸ்தாயி ஏறுகிறது?

தந்தியை மீட்டியதும் எழும் அலை நட்டுக்கும் சேடிலுக்கும் இடையே ஓடிப்போய் முட்டித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அது ஓடும் வேகத்தைத் தந்தியின் இழுவிசையும், தந்தி எவ்வளவு கனமானது என்பதும் தீர்மானிக்கின்றன; நீளத்துக்கு அதில் பங்கில்லை. நம் ஏ தந்தியில் அந்த வேகம் நொடிக்கு 143 மீட்டர். போவதற்கு 650 மில்லிமீட்டர், வருவதற்கு 650 மில்லிமீட்டர் என ஒரு சுற்று 1.3 மீட்டர் ஆவதால், அலை நொடிக்கு 110 சுற்று முடிக்கிறது. நாம் கேட்கும் 110 ஹெர்ட்ஸ் என்பது இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான்.

12-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஒலிக்கும் நீளம் 325 மில்லிமீட்டராகக் குறைகிறது. வேகம் மாறாமல் தூரம் மட்டும் பாதியாவதால் சுற்றுகள் 220 ஆகின்றன. அதிர்வெண் இரட்டிப்பதையே காது ஒரு ஸ்தாயி ஏற்றமாக உணர்கிறது. அழுத்தும்போது இழுவிசையும் சிறிது கூடுகிறது என்பது உண்மை; அது தரும் தொல்லையைப் பின்னால் பார்ப்போம்.

அப்படியானால் ஃப்ரெட்டுகளைச் சம இடைவெளியில் வைத்தால் என்ன? மேலே போகப் போக ஏன் நெருங்குகின்றன?

காது கூட்டிக் கழிப்பதில்லை, பெருக்கி வகுக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த அரைச்சுரத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதிர்வெண் ஒரே விகிதத்தில் பெருக வேண்டும். 12 முறை பெருக்கியபின் அது சரியாக இரண்டு மடங்காகி நிற்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் எண் ஏறத்தாழ 1.05946. ஆகவே ஒவ்வொரு ஃப்ரெட்டும் தனக்கு முன்னால் மிஞ்சியிருக்கும் நீளத்தை இந்த எண்ணால் வகுக்கிறது. முழு நீளத்திலிருந்து வெட்டும்போது வெட்டுத்துண்டு பெரிது. மிஞ்சியது குறையக் குறைய வெட்டுத்துண்டும் சிறுக்கிறது.

```
d = L × (1 − 2^(−n/12))
```

இதில் L என்பது தந்தியின் முழு நீளம், n என்பது ஃப்ரெட்டின் எண், d என்பது நட்டிலிருந்து அந்த ஃப்ரெட் இருக்க வேண்டிய தூரம். நம் கிதாரில் முதல் ஃப்ரெட் 36.48 மில்லிமீட்டரில் வருகிறது. 11-க்கும் 12-க்கும் இடையே 19.33 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. 12-லிருந்து 13-க்கு 18.24, அதாவது முதல் இடைவெளியில் சரிபாதி. 12-ஐத் தாண்டிய பலகை முழுவதும் முதற்பகுதியின் பாதியளவு நகல் என்று கொள்ளலாம்.

12-வது ஃப்ரெட்டுக்கு மேல் விரலைத் தொட்டுவைத்து மீட்டினால் ஏன் மணி அடித்தாற்போல ஒலிக்கிறது?

மீட்டப்பட்ட தந்தி ஒரே வகையில் அதிர்வதில்லை. முழுத் தந்தியும் ஒரே வளைவாக மேலும் கீழும் ஆடும் அசைவு 110 ஹெர்ட்ஸைத் தருகிறது. அதே நேரத்தில் தந்தி இரண்டு கூறாகப் பிரிந்து, ஒரு கூறு மேலே எழ மற்றது கீழே இறங்குமாறு 220 ஹெர்ட்ஸிலும் ஆடுகிறது. மூன்று கூறாக 330, நான்கு கூறாக 440, ஐந்து கூறாக 550 என்று இந்த வரிசை நீள்கிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தந்தியில் நடப்பதால் கண்ணுக்குக் கலங்கலான ஒரு பட்டைதான் தெரியும். காதும் அவற்றைத் தனித்தனியே பிரிக்காமல் ஒரே சுரமாக வாங்கிக்கொள்கிறது.

இனி 12-வது ஃப்ரெட்டுக்கு மேலுள்ள நடுப்புள்ளியை மட்டும் கவனியுங்கள். தந்தி இரண்டு கூறாக ஆடும்போது அந்தப் புள்ளி அசைவதே இல்லை, அது கணு. நான்கு, ஆறு, எட்டுக் கூறுகளாக ஆடும்போதும் நடுப்புள்ளி கணுவாகவே நிற்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைக் கூறுகளாக ஆடும்போதோ அதே புள்ளிதான் மிக அதிகமாக அலைபாய்கிறது. ஆகவே அங்கே விரல் பட்டவுடன் ஒற்றைப்படை அசைவுகள் அனைத்தும் விரலின் சதையில் மோதி உடனே அணைந்துவிடுகின்றன. இரட்டைப்படை அசைவுகளுக்கு விரல் அங்கிருப்பதே தெரியாது. மிஞ்சுவது 220, 440, 660, 880. இந்த வரிசையின் அடி 220 என்பதால் காது அதை ஒரு ஸ்தாயி மேலான ஏ என்று கேட்கிறது.

கவனிக்க வேண்டியது, விரல் எந்த ஒலியையும் புதிதாக உண்டாக்கவில்லை என்பதுதான். 220 முன்பே அங்கே இருந்தது. அதை மூடிக்கொண்டிருந்த 110-ஐயும் அதன் ஒற்றைப்படைத் துணைகளையும் விரல் நீக்கிவிட்டது. இதனால்தான் விரலை எடுத்த பிறகும் ஒலி தொடர்கிறது. அணைந்துபோன அசைவுகளை மறுபடி மீட்டினால் ஒழிய அவை திரும்ப எழுவதில்லை.

அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தாலும் அதே 220, 440, 660 தானே? அது ஏன் மணிபோல இல்லை?

நுட்பமான கேள்வி. அதிர்வெண்களின் பட்டியல் உண்மையிலேயே ஒன்றுதான். வேறுபாடு அவற்றின் அளவிலும் ஆயுளிலும் இருக்கிறது.

தொட்டு எழுப்பும்போது விரல்நுனி ஒரு புள்ளி அல்ல. தந்தியில் பல மில்லிமீட்டர் அகலத்துக்குப் படிகிறது. இரண்டு கூறு, நான்கு கூறு அசைவுகளுக்கு அந்த அகலம் ஒரு பொருட்டல்ல. ஆனால் இருபது, முப்பது கூறுகளாக ஆடும் நுண்ணிய அசைவுகளில் ஒரு கூறே சில சென்டிமீட்டர்தான் என்பதால், அவை கணுவின் இருபுறமும் விரலில் பட்டு மடிந்துவிடுகின்றன. உச்சத்திலுள்ள கரகரப்பு இவ்வாறு போய்விட, அடியிலுள்ள ஒன்றிரண்டு மட்டும் தெளிவாக நிற்கின்றன. மேலும் அழுத்தி வாசிக்கும் சுரத்தின் ஒரு முனை ஃப்ரெட்டின் மேலும் அதற்குப் பின்னுள்ள சதையின் மேலும் அமர்கிறது. சதை ஆற்றலைக் குடிக்கிறது. தொட்டு எழுப்பிய சுரத்திலோ விரல் விலகியபின் தந்தியின் இரு முனைகளும் நட்டிலும் சேடிலிலும் உறுதியாக நிற்கின்றன. ஆகவே அது சன்னமாக ஒலித்தாலும் நெடுநேரம் நிலைக்கிறது. சன்னமாக ஒலிப்பதற்குக் காரணம், மீட்டலின் ஆற்றலில் ஒற்றைப்படை அசைவுகளுக்குச் சென்ற பங்கு வீணாகிவிடுவதே.

எனக்கு மட்டும் "டப்" என்றுதான் கேட்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் விரல் ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள குழியில் இருக்கும். சாதாரணமாக வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகிய கை இங்கும் அங்கேயே போய் நிற்கும். இப்படித் தொட்டு எழுப்பும் ஒலியான ஹார்மோனிக்குக்கு விரல் ஃப்ரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே வர வேண்டும். தந்தி கம்பியைத் தொடும் அளவுக்கு அழுத்தக் கூடாது. மீட்டிய மறுகணமே விரலை எடுத்துவிட வேண்டும்.

மீட்டும் இடமும் முக்கியம். தந்தியின் நடுவிலேயே மீட்டினால் இரண்டு கூறு அசைவு எழவே எழாது, ஏனெனில் ஓர் அசைவை அதன் கணுவிலேயே தட்டி எழுப்ப முடியாது. அதை மிக வலுவாக எழுப்பும் இடம் சேடிலிலிருந்து தந்தியின் கால்பங்கு தொலைவு, அதாவது நம் கிதாரில் 162 மில்லிமீட்டர். பல கிதார்களில் அது ஒலித்துளையின் மேலேயே வந்துவிடும்.

5-வது, 7-வது ஃப்ரெட்டிலும் வருகிறது. 4-வதில் மட்டும் ஏன் கம்பிக்கு மேல் வைத்தால் வருவதில்லை?

கணுக்கள் தந்தியை முழு எண்களால் வகுத்த இடங்களில் இருக்கின்றன, ஃப்ரெட்டுகள் 1.05946 என்ற விகிதத்தில் வைக்கப்பட்டுள்ளன. இங்கே பேசும் ஃப்ரெட்டுகளில் இரண்டு கணக்குகளும் 12-வதில் மட்டும் அச்சுப் பிசகாமல் சந்திக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு 216.67 மில்லிமீட்டர், 7-வது ஃப்ரெட் 216.18. நான்கில் ஒரு பங்கு 162.5, 5-வது ஃப்ரெட் 163.05. அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலின் அகலமே மறைத்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு 130 மில்லிமீட்டர், 4-வது ஃப்ரெட்டோ 134.09. கம்பியிலிருந்து 4 மில்லிமீட்டர் நட்டின் பக்கம் நகர்த்தித் தொட்டுப் பாருங்கள், 550 ஹெர்ட்ஸ் தெளிவாக வரும். அந்தச் சுரம் ட்யூனரில் ஏறத்தாழ 14 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தின் நூறில் 14 பங்கு, குறைவாகக் காட்டும். அது கருவியின் குற்றம் அல்ல.

இதே காரணத்தால்தான் 5-வது, 7-வது ஃப்ரெட் ஹார்மோனிக்குகளை ஒப்பிட்டுச் சுருதி சேர்க்கும் வழக்கத்தை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆறாம் தந்தியின் 5-வது ஃப்ரெட் ஹார்மோனிக் 329.63 ஹெர்ட்ஸ், ஏ தந்தியின் 7-வது ஃப்ரெட் ஹார்மோனிக் 330. சரியாகச் சேர்ந்த கிதாரில் இவ்விரண்டுக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒருமுறை மெல்லிய அலைவு கேட்கத்தான் வேண்டும். அதை முற்றிலும் ஒழிக்கும்வரை பிருடையைத் திருகினால் ஒவ்வொரு இணைத் தந்திக்கும் 2 சென்ட் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் சரியாகக் காட்டுகிறது, அழுத்தினால் ட்யூனரில் 8 சென்ட் கூடுதலாகக் காட்டுகிறது. ஃப்ரெட் தவறா?

ஃப்ரெட்டைச் சந்தேகிக்கும் முன் தந்தியைச் சந்தேகியுங்கள். வியர்வையும் துருவும் ஏறிய பழைய தந்தி ஓரிடத்தில் கனத்தும் ஓரிடத்தில் தேய்ந்தும் இருக்கும். அதில் எந்த அளவீடும் பொருளற்றது. புதுத் தந்தி போட்டு, அது இழுபட்டு நிலைத்தபின் மறுபடி பாருங்கள்.

அப்போதும் 8 சென்ட் நின்றால், காரணம் நாம் முன்பு ஒதுக்கிவைத்த இழுவிசை. அழுத்தும்போது தந்தி கீழே வளைந்து சிறிது நீள்கிறது, இழுவிசை ஏறுகிறது, சுருதியும் ஏறுகிறது. தந்தி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இது கூடும். ஆகவே முதலில் உயரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் எஞ்சும் பிழைக்குத்தான் சேடிலைப் பின்னுக்கு, அதாவது நட்டிலிருந்து விலக, நகர்த்துவது.

எவ்வளவு நகர்த்துவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 8 சென்ட் என்பது 0.463 சதவீதம், 325-இல் அது 1.5 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு நகர்த்துகிறார்கள், பிழையில் பாதிதான் தீர்கிறது. சேடிலை நகர்த்தும்போது திறந்த தந்தியும் நீண்டு, அதை மறுபடி 110-க்குச் சேர்க்க வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறோம். உண்மையில் முழு நீளமான 650-இல் 0.463 சதவீதம், அதாவது 3 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரிக் கிதாரில் ஒவ்வொரு தந்திக்கும் இதற்கென்றே ஒரு திருகாணி உண்டு. அக்கூஸ்டிக்கில் சேடில் தகட்டின் மேல்விளிம்பை அரத்தால் சாய்த்துத் தந்தி அமரும் இடத்தைச் சற்று மாற்றலாம். தகட்டின் தடிமனே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் என்பதால் அதற்குமேல் இடமில்லை.

இன்னொன்று. சேடில் 3 மில்லிமீட்டர் பின்னால் போனபின் தந்தி 653 மில்லிமீட்டர். அதன் நடுப்புள்ளி 326.5-இல் இருக்கிறது. சரியாகச் சீர்செய்த கிதாரில் ஹார்மோனிக் மிகத் தெளிவாக வரும் இடம் 12-வது கம்பியை விட்டு ஒன்றரை மில்லிமீட்டர் சேடில் பக்கம் தள்ளியிருப்பதைக் கூர்ந்து கேட்பவர்கள் உணரலாம்.

எங்கள் ஊர் ஆசாரி புது ஃப்ரெட்போர்டு செய்து கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய நீளத்தை 18-ஆல் வகுத்துக் கோடு போட்டாராம். மேலே வாசித்தால் சுருதி இறங்குகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். அவர் கையாண்டது பழைய, மதிப்புள்ள முறை. வானியலாளர் கலிலியோவின் தந்தையும் லூட் கலைஞருமான வின்சென்சோ கலிலேய் 1581-இல் இதே 18-ஐத்தான் பரிந்துரைத்தார். வெட்டுத்துண்டின் நீளத்தைத் தரும் சரியான வகுஎண் 17.817, 18 அதற்கு மிக அருகில் உள்ளது, கையால் வகுக்கவும் எளிது.

ஆனால் அந்தச் சிறு வேறுபாடு 12 முறை சேர்கிறது. உங்கள் கிதாரின் முதல் ஃப்ரெட் 36.48-க்குப் பதில் 36.11-இல் இருக்கும், அது காதுக்குத் தெரியாது. 12-வது ஃப்ரெட்டோ 325-க்குப் பதில் 322.64-இல் விழும். ஒலிக்கும் நீளம் 327.36 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால், அழுத்தலால் வரும் ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சுரம் 12.5 சென்ட் குறைகிறது. ஹார்மோனிக் ஃப்ரெட்டைப் பார்த்து ஒலிப்பதில்லை என்பதால் அது மட்டும் தன் பழைய இடத்திலேயே, கம்பியை விட்டு 2.4 மில்லிமீட்டர் தள்ளி, சரியாக ஒலிக்கும். இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே பலகையின் பிழை வெளிப்பட்டுவிடும்.

அழுத்தலால் 8 சென்ட் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 4.5 சென்ட் குறைவு. சென்ட்டுக்கு 0.38 என்ற அளவில் சேடிலை 1.7 மில்லிமீட்டர் முன்னுக்கு, நட்டின் பக்கம், கொண்டுவந்தால் 12-வது ஃப்ரெட் சரியாகிவிடும். நடுவிலுள்ளவை கெட்டுவிடுமோ என்ற ஐயம் நியாயமானது. அழுத்தலை ஒதுக்கிவிட்டு 18-இன் பிழையை மட்டும் சேடிலால் தீர்ப்பதாகக் கணக்கிட்டேன்: அதற்கு 4.73 மில்லிமீட்டர் தேவை. அப்போது 5-வது, 7-வது ஃப்ரெட்டுகளில் எஞ்சும் பிழை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு சென்ட்தான். அதைக் காது பொருட்படுத்தாது.

ஆசாரியிடம் அடுத்த முறை ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் நட்டின் விளிம்பிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள். கோட்டுக்குக் கோடு அளந்தால் அளவுகோலின் கால் மில்லிமீட்டர் தடுமாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 18-ஐவிடப் பெரிய பிழையைக்கூட உண்டாக்கலாம். அந்தப் பிழை ஒழுங்கற்றது என்பதால் சேடிலை நகர்த்தித் தீர்க்க முடியாது.

வீணைக்கும் இதே கணக்குத்தானா?

அடிப்படை ஒன்றுதான். 24 மெட்டுகளில் 12-வது மெட்டு திறந்த தந்தியின் மேல்ஸ்தாயியைத் தருகிறது, அதன் அருகே தொட்டு மீட்டினால் அதே மணியோசையும் எழுகிறது. ஆனால் வீணைக்கு மெட்டுகளை அமைக்கும் மேளம் கட்டுபவர் சூத்திரத்தை நம்பி அவற்றை வைப்பதில்லை. மெழுகின் மேல் மெட்டை நிறுத்தி, அழுத்தி மீட்டி, காதால் கேட்டு நகர்த்துகிறார். வீணையில் தந்தி மெட்டைவிட்டு உயரத்தில் இருப்பதால் அழுத்தலின் ஏற்றமும் கூடுதல். காதால் வைக்கும் முறை அந்த ஏற்றத்தைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் கிதார் தினமும் சுருதி இறங்குகிறது. 12-வது ஃப்ரெட்டும் தப்பாகிவிடுமா?

ஆகாது. வெயிலில் எஃகுத் தந்தி நீண்டு இழுவிசை குறைவதால் சுருதி இறங்குகிறது. அப்போது திறந்த தந்தியும் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் சேர்ந்தே இறங்கும். நீளங்களின் விகிதம் அப்படியே இருக்கும். பிருடையைத் திருகிச் சேர்த்தால் போதும். மாதக்கணக்கில் கழுத்து வளைந்து தந்தியின் உயரம் மாறியிருந்தால் மட்டும் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கை விட்டு விலகும். அதை மேலே சொன்ன ஒப்பீட்டால் கண்டுபிடிக்கலாம். வீணை வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலூர் வெயில் உண்மையான ஆபத்து: மூடிய காரில் மதியம் முழுவதும் விட்டால் மெழுகு இளகி மெட்டுகளே இடம் பெயர்ந்துவிடும். பிறகு மேளம் கட்டுபவரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.